பக்க எண்ணைக் கடைசியாக வெட்டுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள முதியவர்களுக்காக, மாத இதழ்களில் வரும் உடல்நலக் கட்டுரைகளைச் சுருக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டு வருகிறேன். பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து யாராவது அனுப்புவார்கள். இம்முறை டிங்கி பற்றிய நான்கு பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. படங்கள், விளம்பரங்கள், பக்க எண்கள் ஆகியவற்றில் எதை விடலாம், எதை விடக்கூடாது? நான்கு படங்களையும் இணைத்துள்ளேன்.
— வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: சுருக்கத்தில் பக்க எண்ணுக்கு வேலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அவற்றின் அடியில் 38, 39, 40, 41 என்று எண்கள் வரிசையாக இருப்பதால், நான்கும் ஒரே கட்டுரை என்று நினைப்பது இயல்பு. 40ஆம் பக்கத்தின் கீழ் மூலையைச் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணை ஒட்டிப் பொடி எழுத்தில் "தொடர்ச்சி 63ஆம் பக்கம்" என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தின் கடைசி வாக்கியம் "காய்ச்சல் தணிந்துவிட்டது என்பதற்காக" என்பதோடு பாதியில் நிற்கிறது. ஆகவே உங்கள் கையில் இருப்பது மூன்று பக்கக் கட்டுரையும் ஒரு முழுப்பக்க விளம்பரமும்தான். கட்டுரையின் முடிவு 63ஆம் பக்கத்தில் இருக்கிறது, அது உங்களுக்கு வந்து சேரவில்லை.

படம் வந்ததும் ஓரங்களை வெட்டிச் சீராக்குவது பலருக்கும் பழக்கம். அப்படி வெட்டும்போது எண்ணோடு தொடர்ச்சிக் குறிப்பும், அதற்கு அருகில் அச்சாகும் இதழின் பெயரும் மாதமும் போய்விடும். எனவே ஓரத்தைத் தொடாமல் முதலில் எண்களைக் கொண்டு பக்கங்களை வரிசைப்படுத்துங்கள். இதழ்களில் பொதுவாக இரட்டைப்படை எண் இடப்பக்கத்திலும் ஒற்றைப்படை எண் வலப்பக்கத்திலும் வரும் என்பதால், ஓர் எண் மங்கியிருந்தாலும் பக்கத்தின் இடத்தை ஊகிக்க முடியும். பிறகு எண்களுக்கு இடையே ஏதேனும் விடுபட்டிருக்கிறதா, "பக்கம் 39இல் உள்ள அட்டவணையைப் பார்க்க" என்பது போன்ற குறிப்பு கட்டுரைக்குள் எங்கேனும் வருகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை முடிந்ததும் எண்கள் அனைத்தையும் விட்டுவிடலாம். இதழின் பெயரையும் மாதத்தையும் மட்டும் சுருக்கத்தின் தலைப்பில் ஒருமுறை எழுதுங்கள். மருத்துவக் கட்டுரையைப் படிப்பவருக்கு அது எப்போது வெளிவந்தது என்று தெரிய வேண்டும்.

அடுத்து அந்த 41ஆம் பக்கம். கட்டுரையைப் போலவே இரண்டு பத்தியாக, அதே அளவு எழுத்தில், "பிளேட்லெட் குறைகிறதா?" என்ற தலைப்போடு பப்பாளி இலைச் சாறு பற்றி எழுதப்பட்டிருக்கிறது. 40ஆம் பக்கத்தின் அறுந்த வாக்கியத்தை அடுத்து இதைப் படிக்கும்போது, கட்டுரையே அந்தச் சாற்றைப் பரிந்துரைப்பதாகத் தோன்றிவிடும். உங்கள் சுருக்கத்தில் அப்படி ஒரு வரி புகுந்தால், அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடும் முதியவர் ஒருவர் அந்தக் குழுவில் இருக்கக்கூடும். மற்ற இரண்டையும் விட இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்வேன்.

நல்ல வேளையாக, மலேசியாவில் அச்சாகும் மருந்து விளம்பரங்களை அடையாளம் காண உறுதியான ஒரு வழி உண்டு. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின் கீழ் இயங்கும் மருந்து விளம்பர வாரியம் அனுமதிக்கும் விளம்பரங்களில் கே.கே.எல்.ஐ.யூ. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் ஆண்டும் அச்சிடப்படும். பல விளம்பரங்களில் "இது துணை உணவுப் பொருள் விளம்பரம்" என்றோ "பாரம்பரிய மருந்து விளம்பரம்" என்றோ பொருள்படும் மலாய் வரியும் சேர்ந்திருக்கும். உங்கள் 41ஆம் பக்கத்தில் இந்த இரண்டும் அடி ஓரத்தில் இருக்கின்றன. படம் சற்றுச் சாய்ந்திருப்பதால் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிறது. ஆனால் இந்த எண் காணப்படவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு பகுதியை விளம்பரம் அல்ல என்று முடிவு செய்துவிடாதீர்கள். கட்டுரையாளர் பெயர் இல்லாமை, ஒரே பொருளின் பெயர் திரும்பத் திரும்ப வருதல், விலை, தொலைபேசி எண், கியூ.ஆர். கட்டம் ஆகியவையும் விளம்பரத்தைக் காட்டிக்கொடுக்கும். 41ஆம் பக்கத்தை முழுதாக விட்டுவிடுங்கள். 39இன் அடியில் உள்ள மெத்தைக் கடை விளம்பரத்தையும் அப்படியே. கட்டுரையை எழுதியவரே விளம்பரதாரரின் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தால் மட்டும் அதை ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

சின்னம் போட்ட கட்டம் எல்லாமே விளம்பரம் ஆகிவிடாது. 39ஆம் பக்கத்தில் சுகாதார அமைச்சின் சின்னத்தோடு, வாரத்துக்கு 10 நிமிடம் ஒதுக்கி வீட்டைச் சுற்றிக் கொசு பெருகும் இடங்களைத் தேடி அழிக்கச் சொல்லும் கட்டம் பொது அறிவிப்பு. அது சுருக்கத்தில் இருக்கட்டும்.

படங்களுக்கு நான் கையாளும் சோதனை எளிது. படத்தையும் அதன் கீழ் உள்ள குறிப்பையும் கையால் மூடிக்கொண்டு கட்டுரையை மட்டும் படியுங்கள். பிறகு கையை எடுத்துப் பாருங்கள். புதிதாக ஒரு தகவலும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் படம் அலங்காரம்தான், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. 38ஆம் பக்கத்தில் பாதி இடத்தை அடைத்திருக்கும் கொசுவின் படம் அந்த வகை. காலில் வெள்ளை வரிகள் உண்டு என்பதைக் கட்டுரையே சொல்லிவிடுகிறது. கொசுவலைக்குள் சிரிக்கும் குழந்தையின் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரிய எழுத்தில் எடுத்துப் போட்டிருக்கும் மேற்கோளும் பத்திக்குள் ஏற்கெனவே இருப்பதுதான்.

39ஆம் பக்க மூலையில் உள்ள பூச்சட்டியின் சிறிய படமோ பார்வைக்கு வெறும் அலங்காரம். ஆனால் அதன் குறிப்பு, பூச்சட்டித் தட்டோடு குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும் சேர்த்துச் சொல்கிறது. கட்டுரையில் அந்த இரண்டாவது தட்டு எங்கும் வரவில்லை. படத்தை விடலாம், குறிப்பை விடக்கூடாது.

40ஆம் பக்கத்தின் வட்டப் படத்துக்கு இன்னும் மதிப்பு அதிகம். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று அம்புக்குறிகளால் இணைத்து, முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும் என்று அதில் எழுதியிருக்கிறது. கட்டுரையோ வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டச் சொல்கிறதே தவிர, ஏன் வாரம் ஒருமுறை என்று சொல்லவில்லை. அந்தக் காரணம் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. படத்தை விவரித்துக்கொண்டிராமல், "முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவினால் கொசு உருவாகும் முன்பே தடுத்துவிடலாம்" என்று கட்டுரையின் அறிவுரையோடு சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதிவிடுங்கள். தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள், முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் என்பதைக் கட்டுரை தனியாகச் சொல்கிறது.

இனி அந்த 63ஆம் பக்கம். டிங்கியில் கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் போன்ற எச்சரிக்கை அறிகுறிகள் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிய 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கும். அறுந்து நிற்கும் வாக்கியம் அந்தக் கட்டத்தைத்தான் பேசத் தொடங்கியிருக்கிறது. எனவே படம் அனுப்பியவரிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கும்வரை சுருக்கத்தை வெளியிடாமல் இருங்கள். இதழ் அவரிடம் இல்லையென்றால், 40ஆம் பக்கத்தின் கடைசி முழு வாக்கியத்தோடு சுருக்கத்தை நிறுத்தி, அதன் கீழ் "கட்டுரையின் முடிவுப் பகுதி 63ஆம் பக்கத்தில் உள்ளது, எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். இந்த ஒரு பக்க எண்ணை மட்டும் வெட்ட வேண்டாம்.