தோள்பட்டை அடிக்கடி இறங்கினால் பயிற்சி போதுமா, ஆபரேஷன் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 22. கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் பந்தை எடுக்கப் பாய்ந்து, நீட்டிய கையோடு விழுந்ததில் வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து முறை இறங்கியிருக்கிறது. போன மாதம் தூக்கத்தில் கை தலைக்கு மேல் போனதற்கே இறங்கிவிட்டது. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். ஜிம் கோச், தசையை வலுவாக்கினாலே நின்றுவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் விஷயத்தில் டாக்டர் பக்கம்தான் நான் நிற்பேன். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில், அதன் மேல் எனக்கு நிறைய நம்பிக்கையும் உண்டு. ஆனால் தோள் இறங்குவதில் இரண்டு வகை இருக்கிறது. அடிபடாமலே நழுவத் தொடங்குவது ஒன்று, அதைப் பயிற்சி நன்றாகவே நிறுத்திவிடும். அடிபட்டு இறங்கத் தொடங்குவது இன்னொன்று, அதைப் பெரும்பாலும் நிறுத்தாது. உங்களுடையது இரண்டாவது வகை.

தோள் மூட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து போன்ற தலை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில், மேல்கை எலும்பின் பந்து உட்காரும் குழி ரொம்ப ஆழமில்லாதது. சின்ன மூடி ஒன்றை நிமிர்த்தி, அதன் மேல் பெரிய பந்தை வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவதற்கு இதுதான் காரணம், நழுவுவதற்கும் இதுதான் காரணம். குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற தடித்த வளையம் இருக்கிறது. அதோடு ஒட்டியபடி முன்பக்கம், எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் லிகமென்ட் என்ற நார்கள் இருக்கின்றன. ஸ்மாஷ் அடிக்கக் கையை ஓங்குகிறீர்களே, அந்த நிலையில் மூட்டின் பந்து முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அப்போது இந்த லிகமென்ட்கள் முறுக்கேறி இழுத்துப் பிடித்தால்தான் அது குழிக்குள் நிற்கும்.

நீங்கள் முதல் முறை விழுந்தபோது பந்து முன்பக்கமாகப் பிதுங்கி வெளியே போயிருக்கும். போகும்போது லேப்ரத்தையும் லிகமென்டையும் எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டு போயிருக்கும். 1923-இல் இதை விவரித்த பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பாங்கார்ட்டின் பெயரால் இதைப் பாங்கார்ட் காயம் என்கிறோம். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் அந்தப் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே ஹில்-சாக்ஸ் என்றும் எழுதியிருக்கலாம். வெளியே வந்த பந்தின் பின்பக்கம் குழியின் கூரான விளிம்பில் மோதியதால் விழுந்த பள்ளம் அது.

பிய்ந்த லேப்ரம் தானாக ஒட்டாது என்று சிலர் சொல்வதுண்டு. பல நேரம் ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் விளிம்பில் ஒட்டாமல், உள்ளே தள்ளிச் சரிந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் தடுப்புச் சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்புறம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் விளிம்பு எலும்பு கொஞ்சம் தேயலாம், பந்தில் உள்ள பள்ளமும் பெரிதாகலாம். அடுத்த முறை இறங்குவதற்கு முன்பைவிடக் குறைந்த விசையே போதும். முதலில் ஓடிப் பாய்ந்து விழ வேண்டியிருந்தது, இப்போது தூக்கத்தில் கை மேலே போனாலே போதும் என்கிற நிலைக்கு வருவது இப்படித்தான்.

இப்போது உங்கள் கோச் சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகள் பந்தைக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன. அவை வலுவாக, சரியான நேரத்தில் இயங்கினால் நழுவுவது குறையும். ஆனால் இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. கை நடுவாக்கில் அசையும்போது தசைகள் நன்றாகப் பிடிக்கும். கை ஓங்கிப் பின்னால் மடங்கும் கடைசி நிலையில் பிடிப்பு முக்கியமாக லிகமென்டின் வேலை, அங்கே தசையால் முழுதாக ஈடு செய்ய முடியாது. இரண்டாவது, தூங்கும்போது தசைகள் தளர்ந்திருக்கும். எவ்வளவு பயிற்சி செய்த தசையும் அப்போது காவலுக்கு இருக்காது. தூக்கத்தில் இறங்குகிறது என்று ஒருவர் சொன்னால், எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற கவலைதான் எனக்கு முதலில் வரும்.

1992-இல் பர்க்ஹெட், ராக்வுட் என்ற இரண்டு அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. தோள் பாதியளவு நழுவும் நோயாளிகளுக்கு ஒரே மாதிரியான பயிற்சித் திட்டத்தைக் கொடுத்தார்கள். அடிபடாமல் நழுவத் தொடங்கிய தோள்களில் 80 சதவீதம் நன்றாகத் தேறின. அடிபட்டு நழுவத் தொடங்கியவற்றில் 16 சதவீதம்தான் தேறின. முழுதாக இறங்கும் தோளுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒரே பயிற்சி இரண்டு வகைக்கும் ஒரே பலனைத் தராது என்பது புரியும்.

அந்த 80 சதவீதத்தில் சேரக்கூடிய ஒரு பெண் என்னிடம் வந்திருந்தார். வயது 19. ஒரு முறைகூட விழுந்ததில்லை. பையை எடுக்கக் கை நீட்டினால் தோள் நழுவும், பிறகு தானாகவே உள்ளே போய்விடும். இடது தோளும் கொஞ்சம் அப்படித்தான். முழங்கை பின்பக்கம் வளைந்தது, கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொட்டது. உடம்பின் எல்லா மூட்டும் இளக்கம், ஸ்கேனில் எதுவும் கிழியவில்லை. இவருக்குத் தைக்க என்ன இருக்கிறது? தோள்பட்டை எலும்பு கை அசைவோடு சேர்ந்து நகரவில்லை என்பதுதான் அவருடைய பிரச்சினை. முதல் மூன்று வாரம் எடையே இல்லாமல், கண்ணாடி முன் நின்று, அந்த எலும்பைச் சரியான இடத்தில் வைத்தபடி கையைத் தூக்கப் பழகினார். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து எலாஸ்டிக் பேண்டை வெளிப்பக்கமும் உள்பக்கமும் இழுக்கும் பயிற்சி. அது நடுக்கமில்லாமல் வந்த பிறகுதான் கையைப் பாதி உயரத்திலும், கடைசியில் தோள் உயரத்திலும் வைத்து அதையே செய்தார். சுவரில் பந்தை உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளி, கடைசியில் தோள்பட்டை எலும்பை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளுவது ஆகியவற்றையும் சேர்த்தோம். வாரம் நான்கு நாள் செய்தார். நான்கு மாதத்தில் நழுவுவது நின்றது. உங்கள் கோச் சொன்னது இவருக்கு அப்படியே பொருந்தும்.

உங்களைப் போல அடிபட்டு இறங்கும் தோளிலும் நான் பயிற்சியை முதலில் முயல்வது உண்டு. வயது கூடியவர், கையை ஓங்கும் விளையாட்டு எதுவும் ஆடாதவர், இரண்டு வருடத்தில் ஒருமுறைதான் இறங்கியது, எலும்பு தேயவில்லை என்றால் மூன்று மாதம் தருவேன். அதன் முடிவில், படுத்த நிலையில் கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து மெல்லப் பின்னால் மடக்கிப் பார்ப்பேன். ‘வேண்டாம், இறங்கிடும்’ என்று உடம்பு தானாக இறுகினால் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம். இதை வீட்டில் நீங்களோ நண்பர்களோ செய்து பார்க்காதீர்கள்.

சரி, ஆபரேஷன் என்றால் எது? இங்கேதான் நீங்கள் டாக்டரிடம் கேள்வி கேட்க வேண்டும். லேப்ரம் பிய்ந்திருப்பதை எம்ஆர்ஐ காட்டும். எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை முப்பரிமாண சி.டி. ஸ்கேன் இன்னும் நன்றாக அளந்து காட்டும். உங்கள் நிலையில் அந்த அளவு தெரியாமல் ஆபரேஷன் வகையை முடிவு செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேய்மானம் குறைவு என்றால், சிறு துளைகள் வழியாக லேப்ரத்தை விளிம்புக்கு இழுத்து, எலும்பில் பதிக்கும் சின்ன ஆங்கர்களால் தைத்துவிடுவார்கள். குழியின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்றால் அந்தத் தையல் மட்டும் நிற்காமல் போகும் ஆபத்து அதிகம். அப்போது, தோளின் முன்பக்கம் துருத்தியிருக்கும் கொரகாய்டு என்ற எலும்புத் துண்டை, அதில் ஒட்டிய தசையோடு வெட்டியெடுத்து, தேய்ந்த விளிம்பில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவார்கள். இதன் பெயர் லட்டார்ஜே ஆபரேஷன். பிடிப்பு பலமானது. ஆனால் பெரிய வேலை, பக்கத்தில் நரம்புகள் இருப்பதால் அவை பாதிக்கப்படும் ஆபத்தும் உண்டு.

ஆபரேஷன் முடிந்தால் இனி இறங்கவே இறங்காது என்று யாரும் உறுதி தர முடியாது. முதல் முறை இறங்கிய, 30 வயதுக்குக் குறைந்தவர்களைக் கனடாவில் இரு பிரிவாகப் பிரித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி மட்டும் செய்தவர்களில் இரண்டு வருடத்துக்குள் 47 சதவீதம் பேருக்கு மறுபடி இறங்கியது. உடனே தைத்துக்கொண்டவர்களில் அது சுமார் 16 சதவீதம். வித்தியாசம் பெரியது, ஆனால் 16 பூஜ்யம் இல்லை. அதோடு, கை வெளிப்பக்கம் திரும்பும் அளவு கொஞ்சம் குறையலாம். ஸ்மாஷ் அடிப்பவருக்கு இது முக்கியம், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் பயிற்சியை விட முடியாது. பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம் ஸ்லிங். அந்த நாட்களிலேயே விரல், மணிக்கட்டு, முழங்கையை அசைக்கச் சொல்வார்கள். அசைவு மெல்ல மெல்லத் திரும்பிய பிறகு, சுமார் மூன்றாவது மாதத்தில்தான் பேண்டும் எடையும். வாலிபால் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். அப்போதும் தேதியை வைத்து முடிவு செய்யாமல், இரண்டு கைகளின் பலத்தையும் ஒப்பிட்டு அளந்து பார்த்துவிட்டு ஆடுகளத்தில் இறங்குங்கள். நான் பார்த்தவரை, தையல் நன்றாக இருந்தும் தோள் கெட்டுப்போவது பெரும்பாலும் நான்காவது மாதத்தில். வலி போய்விடும், கை சுலபமாக மேலே போகும், ஒரு மேட்ச் ஆடிப் பார்த்தால் என்ன என்று தோன்றும்.

ஆபரேஷன் தேதி வரும்வரை ஜிம்மில் கழுத்துக்குப் பின்னால் இழுக்கும் புல் டவுன், டிப்ஸ், கையை அகலமாக வைத்துச் செய்யும் பெஞ்ச் பிரஸ் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். பேண்ட் பயிற்சியை முழங்கை விலாவோடு ஒட்டிய நிலையில் தாராளமாகச் செய்யலாம். ஆபரேஷனுக்கு முன் சேர்த்த பலம் பிறகு உதவும். படுக்கும்போது தலையணை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வலது கையை அதன் மேல் முன்பக்கம் வைத்துத் தூங்குங்கள். கை தலைக்கு மேல் போவதை அது ஓரளவு தடுக்கும்.

மறுபடி இறங்கினால் கையைப் பிடித்து இழுக்க நண்பர்களை விடாதீர்கள். கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். போகும் வழியில் தோளின் வெளிப்பக்கச் சதையைத் தொட்டுப் பாருங்கள், விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். தொடு உணர்வு மரத்திருந்தாலோ, கை வெளுத்துக் குளிர்ந்திருந்தாலோ, அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். ஒரு வேளை வலிப்பு வந்து அதில் இறங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வலிப்பைக் கட்டுப்படுத்தாமல் தோளை மட்டும் தைத்தால், அடுத்த வலிப்பில் அந்தத் தையல் பிய்ந்துவிடலாம்.