ராத்திரி பூரா சார்ஜ் போட்டும் மத்தியானமே அணைஞ்சு போகுது: அத்தையோட காது மெஷின்

கேள்வி: டாக்டர், நாங்க கோத்தகிரி பக்கம். அத்தைக்கு 71 வயசு, காதுக்குப் பின்னாடி மாட்டுற சார்ஜ் மெஷின் ரெண்டு காதுக்கும் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. ராத்திரி சார்ஜ் போடுற கேஸ்ல வெச்சா ரெண்டுலயும் லைட் எரியுது, ஆனா வலது காது மெஷின் மட்டும் மத்தியானம் ரெண்டு மணிக்கே டிங் டிங்னு சத்தம் போட்டு அணைஞ்சுடுது. சில நாள் ரெண்டுமே காலைலயே பாதி சார்ஜ்லதான் இருக்கு. சுத்தமா சார்ஜ் இறங்கின அப்புறம்தான் போடணும்னு பையன் சொல்றான். மெஷின்ல சார்ஜ் ஏறுற இடத்துல இருக்குற மஞ்சப் புள்ளிகளை சானிடைசர் வெச்சு துடைக்கலாமா?

பதில்: ஒரே வியாதி மாதிரி எழுதியிருக்கீங்க, ஆனா இது ரெண்டு வியாதி. எப்பவும் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் தீர்ந்தா சந்தேகம் மெஷினும் கேஸும் தொட்டுக்குற காண்டாக்ட் மேல. ரெண்டும் சேர்ந்து குறைஞ்சிருந்தா சந்தேகம் கரண்ட் மேல. ஒன்றரை வருஷத்துல பேட்டரியே வீக்காயிடுறது அபூர்வம், பொதுவா நாலஞ்சு வருஷம் வரும், அதனால பேட்டரிய கடைசியா பாத்துக்கலாம்.

முதல்ல வலது பக்கம். பகல் வெளிச்சத்துல கேஸோட வயரைப் பிடுங்கிட்டு செல்போன் டார்ச்ச அடிச்சு மெஷின் உக்காருற குழிக்குள்ள பாருங்க. சின்னதா ரெண்டு மூணு பின் தெரியும், மெஷின்லயும் அதுக்கு நேரா மஞ்சப் புள்ளி இருக்கும். நம்ம ஊர்ல நான் அடிக்கடி பாக்குறது என்னன்னா, தலைக்கு வெச்ச தேங்காய் எண்ணெய் காதுக்குப் பின்னாடி இறங்கி அந்தப் புள்ளி மேல படியும், அது மேல குல்லாவோ மஃப்ளரோ உதிர்க்குற கம்பளி நூல் ஒட்டிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ கெட்டியாயிடும், உங்க வீட்டு பாட்டில்ல டிசம்பர்ல எப்படி வெள்ளையா உறையுதோ அதே மாதிரி பின் மேலயும் மெழுகு பூசின மாதிரி ஒரு படலம் நிக்கும். எண்ணெய் வழியா கரண்ட் போகாது. மெஷின வெக்கும்போது உரசின உரசல்ல ஒரு நிமிஷம் தொட்டுக்கும், லைட் எரியும், நீங்களும் நிம்மதியா தூங்கப் போயிடுவீங்க, கொஞ்ச நேரத்துல தொடர்பு விட்டுப்போயிடும். அதனால வெச்ச உடனே எரியுற லைட்ட நம்பாதீங்க, மூடிய மூடி ரெண்டு நிமிஷம் கழிச்சு திறந்து பாருங்க. காலைல எழுந்ததும் இன்னொரு தடவை பாருங்க: முழு சார்ஜுக்கு மூணுல இருந்து நாலு மணி நேரம் போதும், ஏழு மணி நேரம் கழிச்சும் 'இன்னும் ஏறிட்டிருக்கு'ன்னு லைட் மினுக்கினா அந்தப் பக்கம் ஏறவே இல்லைனு அர்த்தம். எந்த நிறம் என்ன சொல்லுதுன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், பெட்டில வந்த தாளை எடுத்து வெச்சுக்கோங்க.

துடைக்குறதுக்கு சானிடைசர் வேண்டாங்க. அதுல கிளிசரினும் வாசனையும் சேர்த்திருப்பாங்க, காஞ்ச அப்புறம் அதுவே ஒரு பிசுக்கா நிக்கும், இருக்குற பிரச்சனையோட இன்னொண்ணு. முதல்ல காஞ்ச மெல்லிசு துணி, கண்ணாடி துடைக்குற துணி இருந்தா நல்லது. போகலைன்னா மெடிக்கல்ல ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், காது பஞ்சுக் குச்சிய அதுல தொட்டு நல்லா பிழிஞ்சுட்டு பின் மேலயும் மஞ்சப் புள்ளி மேலயும் மட்டும் தேய்ங்க. உங்க மாடல் தாள்ல ஈரமே கூடாதுன்னு போட்டிருந்தா அதுதான் சரி, காஞ்ச துணியோட நிறுத்திடுங்க. மைக் ஓட்டை, காதுக்குள்ள போற ஸ்பீக்கர் பக்கம் ஒரு சொட்டு கூட போகக்கூடாது. பத்து நிமிஷம் காயவிட்டு அப்புறம் வயரை மாட்டுங்க. ஹேர்பின், ஊக்கு வெச்சு சுரண்டாதீங்க ப்ளீஸ், மேல இருக்குற தங்கப் பூச்சு போயிட்டா பச்சை பிடிக்க ஆரம்பிச்சுடும். பின் சில கேஸ்ல ஸ்பிரிங் மேல இருக்கும், குச்சியால லேசா அமுக்கினா உள்ள போய் திரும்ப மேல வரணும், வராம உள்ளயே நின்னா அது துடைச்சு சரியாகாது. பின்னே இல்லாம வழவழன்னு இருந்தா உங்களது காந்த முறைல சார்ஜ் ஆகுற வகை, அப்ப குழியில பஞ்சு, அழுக்கு இல்லாம பாத்துக்கிட்டாலே போதும்.

துடைச்சும் அப்படியேதான்னா, ரெண்டு குழியும் ஒரே வடிவமா இருந்தா ஒரு நாள் ராத்திரி மட்டும் வலதை இடது குழியிலயும் இடதை வலது குழியிலயும் மாத்தி வெச்சுப் பாருங்க. மறுநாள் இடது மெஷின் சீக்கிரம் அணைஞ்சா கோளாறு குழியில. வலதே மறுபடி அணைஞ்சா கோளாறு மெஷின்ல. ரெண்டுக்கும் ரிப்பேர் வேற, செலவு வேற. அத்தை போன் பேசுறது டிவி சத்தம் எல்லாம் ப்ளூடூத்ல வலது காதுக்கு மட்டும் வருதான்னும் கேட்டுக்கோங்க, அதுவும் சார்ஜைக் குடிக்கும்.

இப்ப ரெண்டும் பாதியா இருக்குற நாள். ராத்திரி கரண்ட் போச்சான்னு விசாரிங்க. நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது: உள்ள பேட்டரி இல்லாத கேஸ் சிலதுல, கரண்ட் நின்ன உடனே மெஷின் 'என்னை வெளிய எடுத்துட்டாங்க'ன்னு நினைச்சு தானா ஆன் ஆயிடும். மூடி வெச்ச கேஸுக்குள்ளயே விடிய விடிய ஓடி இருக்குற சார்ஜையும் தின்னுடும். சோதிக்குறது சுலபம், மெஷின் உள்ள இருக்கும்போதே வயரைப் பிடுங்கிட்டு ஒரு நிமிஷம் கழிச்சு மெஷின் லைட் எரியுதான்னு, லேசா விசில் சத்தம் வருதான்னு பாருங்க. வந்தா அந்த ரகம்தான். இன்வெர்ட்டர் லைன் இருக்குற பிளக்ல போட்டுடுங்க. பவர் பேங்க்ல போடலாம்னு தோணும், ஆனா காது மெஷின் இழுக்குற கரண்ட் ரொம்பக் கம்மி, போன் கழட்டிட்டாங்கன்னு நினைச்சு பல பவர் பேங்க் தானா ஆஃப் ஆயிடும். மழைக்காலத்துல அடிக்கடி கரண்ட் போற வீடுன்னா உள்ளயே பேட்டரி இருக்குற கேஸ் உங்க மாடலுக்கு வருதான்னு கேளுங்க, என்னைக் கேட்டா அந்தக் காசு வீண் இல்ல.

பையன் சொல்றது பழைய காலத்து பேட்டரிக்கு. இது லித்தியம், சுத்தமா இறக்க வேண்டிய அவசியமே இல்ல, பாதி இருந்தாலும் தினம் ராத்திரி போடலாம், நிறைஞ்சா தானா நிறுத்திக்கும்.

தினம் ஒரே நேரம் ஒரே இடம்னு வெச்சுக்கோங்க. சாப்பிட்டு மாத்திரை போடுற நேரம் நல்லது, அத்தை மாத்திரைய மறக்க மாட்டாங்கல்ல. கழட்டினதும் மெஷின் முழுக்க காஞ்ச துணியால ஒரு துடை, காதுக்குள்ள போற ரப்பர்ல குறும்பி இருந்தா பிரஷ்ஷால தட்டி விடுங்க, அப்புறம் அஞ்சு பத்து நிமிஷம் துணி மேல காத்தாட விட்டுட்டு கேஸ்ல வைங்க, வேர்வை ஈரத்தோட மூடக்கூடாது. குறிப்பா மூடுபனில நடந்துட்டு உள்ள வந்த நாள்ல, குளிர்ந்த மெஷின் சூடான ரூமுக்கு வந்தா மேல ஈரம் பூக்கும், அன்னைக்கு அரை மணி விடுங்க. காய வைக்குறேன்னு அடுப்பு பக்கமோ ஹீட்டர் முன்னாடியோ கொண்டு போகாதீங்க. ஜன்னல் திட்டும் வேண்டாம், உறைபனி விழுற ராத்திரில பூஜ்ஜியத்துக்கிட்ட போச்சுன்னா லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தக்கூடாது, பல கேஸ் தானே சிவப்பு லைட் காட்டி நிறுத்திடும். ரூம் உள்பக்கம் அலமாரி தட்டு சரியான இடம். தலைக்கு எண்ணெயை ராத்திரி மெஷின் கழட்டின அப்புறம் வெச்சு, காலைல மாட்டுறதுக்கு முன்னாடி காதுக்குப் பின்னாடி ஒரு துடை துடைச்சுக்க சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் பிரிச்சுப் பாருங்க. சார்ஜ் முழுசா இருந்தும் சத்தம் கம்மியா இருக்குன்னா அது சார்ஜ் பிரச்சனை இல்ல, குறும்பி வடிகட்டி அடைச்சிருக்கும். வடிகட்டி மாத்தியும், மெஷின் சரியா இருந்தும், ஒரு காது திடீர்னு கேக்கலைன்னா நாள் தள்ளாம அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க. மெஷினோ கேஸோ கை வைக்க முடியாத சூடு வந்தாலும் உப்பினாலும் சார்ஜ் போடுறத அப்பவே நிறுத்துங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் வலது ரெண்டு மணிக்கே அணைஞ்சா வாங்கின சென்டருக்குப் போங்க, வாரண்டி இருக்கான்னு பில்லைப் பாத்துட்டுப் போங்க. மெஷின மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, கேஸ், வயர், அடாப்டர் எல்லாம் ஒரே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா கேஸைக் கொண்டு வாங்கன்னு சொல்லி மலை இறங்கி இன்னொரு தடவை அலைய விடுவாங்க.