கொழும்புக்கு நேரே கிழக்கில் மட்டக்களப்பா? – பார்க்காமல் கீறிப் படிப்பவர்களின் கேள்விகள்

என் மகன் இம்முறை சாதாரண தரம் எழுதுகிறான். ரேசிங் பேப்பர் வைத்து இலங்கைப் படத்தை எத்தனையோ தடவை கீறிவிட்டான். ஆனால் வெறும் எல்லைக்கோட்டுப் படத்தைக் கொடுத்து ஊர்களைக் குறிக்கச் சொன்னால் கண்ட கண்ட இடத்தில் குறிக்கிறான். ஏன் சேர்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

ரேசிங் பேப்பரில் கை கோட்டின் பின்னாலேயே போகிறது, அம்மா. "மட்டக்களப்பு எங்கே?" என்ற கேள்வி அவன் மனதில் ஒருமுறையேனும் எழவேண்டிய தேவை வரவில்லை. பரீட்சையில் எழும் கேள்வியோ அதுதான். 2007இல் ஷானா கார்ப்பெண்டர், ஹால் பாஷ்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் படங்களை வைத்தே சோதித்தார்கள். ஒரு பகுதியில், படத்தில் விடுபட்ட பொருள் எது என்று மனதில் தேடிப் பார்க்க வேண்டும். மற்றதில் அதே நேரத்துக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அரை மணித்தியாலம் கழித்து நினைவிலிருந்து கீறச் சொன்னபோது, தேடிப் பார்த்துப் படித்த படமே நன்றாக வந்தது.

மகனுக்கு இப்படிச் சொல்லுங்கள். அற்லஸை இரண்டு மூன்று நிமிடம் பார்த்துவிட்டு மூடி, வேறு அறையில் வைக்கட்டும். கொப்பியில் 3 சென்ரிமீற்றர் இடைவெளியில் கட்டங்கள் போடட்டும். ஒரு கட்டம் ஒரு பாகை. நாங்கள் மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கட்டத்தைச் சதுரமாகவே வைத்தாலும் படம் கெடாது. கிடையாக 6 முதல் 10 வரை அகலக்கோடுகள், நிலைக்குத்தாக 80, 81 நெடுங்கோடுகள். தெய்வேந்திரமுனை 6க்குச் சற்றுக் கீழே, பருத்தித்துறை 10க்குச் சற்றுக் கீழே. இடையில் கரையோரத்தையும் பத்துப் பன்னிரண்டு ஊர்களையும் நினைவிலிருந்து வைக்கட்டும். சந்தேகமான ஊருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம். எட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது.

பிறகு அற்லஸைத் திறந்தால், "கண்ட கண்ட இடம்" என்று நீங்கள் சொல்வது அப்படிக் கண்டபடி நடந்தது அல்ல என்று தெரியும். மனித மனம் படங்களை ஒரு குறிப்பிட்ட விதத்தில்தான் பிழையாக்கும். சற்று ஏறி இறங்கி இருப்பவற்றை ஒரே நேரில் கொண்டுவந்துவிடும், சாய்ந்திருப்பதை நிமிர்த்திவிடும். உளவியலாளர் பார்பரா ட்வேர்ஸ்கி 1981இலேயே இதைக் காட்டினார். எங்கள் பிள்ளைகள் பலர் மட்டக்களப்பைக் கொழும்புக்கு நேரே கிழக்கில் வைப்பார்கள். உண்மையில் கொழும்புக்கு நேரே கிழக்குக் கரையில் இருப்பது பொத்துவில். மட்டக்களப்பு அதற்கு எவ்வளவோ வடக்கே, சிலாபத்தின் உயரத்தையும் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. மன்னாரையும் திருகோணமலையையும் ஒரே கோட்டில் வைப்பது அடுத்த பிழை, மன்னார்தான் வடக்கே. யாழ்ப்பாணத்தைத் தீவின் நடுஉச்சியில் வைப்பது மூன்றாவது. யாழ் நகரம் 80ஆம் நெடுங்கோட்டில் கிட்டத்தட்ட நிற்கிறது, அதாவது கொழும்புக்குச் சற்றே கிழக்கு.

ஆறுகளிலும் இதே கதைதான். மகாவலியை மலையிலிருந்து கொட்டியாரக் குடாவுக்கு ஒரே இழுப்பில் கீறிவிடுவார்கள். அது முதலில் நாவலப்பிட்டி, கம்பளை பக்கமாக வந்து, பேராதனையைத் தாண்டிக் கண்டியைச் சுற்றி வளைந்து, கிழக்கே இறங்கி, மினிப்பேயில்தான் வடக்கே திரும்புகிறது. அந்த வளைவுகளில்லாத கோடு 335 கிலோமீற்றர் ஓடும் ஆறாக இருக்க முடியாது.

பிழையை அழிறப்பரால் அழிக்க விடாதீர்கள். பிழையான இடத்திலிருந்து சரியான இடத்துக்குச் சிவப்புப் பேனையால் ஓர் அம்புக்குறி போடட்டும். கேள்விக்குறி போட்ட ஊர் பிழைத்தால் பெரிய கவலை இல்லை, அது தெரியாத ஊர், படித்தால் வந்துவிடும். கேள்விக்குறி இல்லாமல், துணிந்து வைத்த ஊர் அரைக் கட்டத்துக்கு மேல் தள்ளிப்போயிருந்தால் அங்கேதான் வேலை இருக்கிறது. அடுத்த நாள் வெற்றுத்தாளில் அந்த ஊர்களை முதலில் வைத்துவிட்டு மற்றவற்றைத் தொடங்கட்டும்.

நான் மருத்துவ பீட முதலாம் வருடம். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸை ஒரு நிமிடத்தில் பிழையில்லாமல் கீறுவேன். வைவாவில் "அல்னார் நரம்பு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் மனதுக்குள் முழுப்படத்தையும் கீறி முடித்தால்தான் பதில் வருகிறது.
– மாணவன், பொரளை

தம்பி, உமக்கு ஞாபகத்தில் இருப்பது கோடுகளின் வரிசை. இடையில் ஓரிடத்தைக் கேட்டால் அதற்குத் தொடக்கம் இல்லை. ஆகவே வரிசையைத் தலைகீழாக்கும். தாளின் கைப்பக்க முனையில் ஐந்து நரம்புகளின் பெயரை மட்டும் எழுதி, அங்கிருந்து கழுத்தை நோக்கிப் பின்னே கீறும்.

ஒப்பிடும்போது முதலில் எண்ணிக்கை: ஐந்து ரூட், மூன்று ட்ரங்க், ஆறு டிவிஷன், மூன்று கோர்ட், ஐந்து நரம்பு. அது சரியாக இருந்தும் இணைப்பு பிழைக்கலாம் என்பதால், ஒவ்வொரு நரம்பிலும் பென்சிலை வைத்துப் பின்னே நடத்தும். அல்னாரிலிருந்து மீடியல் கோர்ட், லோவர் ட்ரங்க் வழியாக சி8, டி1இல் போய் நிற்க வேண்டும். வழியில் சி5 வந்துவிட்டால் எங்கோ ஒரு டிவிஷனை மாற்றிக் கட்டியிருக்கிறீர். மஸ்குலோகியூட்டேனியஸ் சி5, 6, 7இல் முடியும். ரேடியல் ஐந்து ரூட்டுக்கும் போகும். இந்த மூன்றும் சரியென்றால் பின்னலின் பெரும்பகுதி சரி.

இங்கே படத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆக்ஸிலரி நரம்பிலிருந்து பின்னே நடந்தால் போஸ்டீரியர் கோர்ட் வழியாக ஐந்து ரூட்டுக்கும் போக முடியும். ஆனால் அந்த நரம்பின் நார்கள் சி5, சி6இலிருந்து வருபவை. கோட்டில் வழி இருப்பதாலேயே நாரும் அவ்வழி வருகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர். அதைப் படத்தின் ஓரத்தில் தனியாக எழுதிவையும்.

இன்னொன்று. தட்டையான படத்தில் லாட்டரல், மீடியல், போஸ்டீரியர் என்பவை வெறும் பெயர்கள். அவை ஆக்ஸிலரி ஆர்ட்டரியின் இரண்டாம் பகுதிக்கு, அதாவது பெக்டொராலிஸ் மைனருக்குப் பின்னாலுள்ள துண்டுக்கு, எந்தப் பக்கம் கிடக்கின்றன என்பதை வைத்து வந்தவை. வாரத்தில் ஒருமுறை ஆர்ட்டரியை முதலில் கீறி, அதைச் சுற்றி மூன்று கோர்ட்டையும் வையும். டிசெக்‌ஷன் மேசையில் உதவப்போவது அந்தப் படம்தான்.

உயர்தர உயிரியல் படிக்கிறேன். இதயத்தின் உருவம் சரியாக வருகிறது, பெயர் குறிக்கும்போது வலதும் இடதும் மாறிப்போகிறது.
– மாணவி, கொட்டாஞ்சேனை

பிள்ளை, முதல் கோடு போடுமுன்பே தாளின் இடப்பக்கத்தில் "வலது" என்று எழுதிவிடுங்கள். படத்திலிருப்பவர் உங்களை எதிர்நோக்கி நிற்கிறார். கீறி முடித்ததும் புத்தகத்தைத் திறக்கும் முன் மூன்றைப் பாருங்கள். தடித்த சுவருள்ள இதயவறை தாளின் வலப்பக்கத்தில் இருக்கிறதா? தொகுதிப் பெருநாடி அதிலிருந்து புறப்படுகிறதா? முக்கூர் வால்வு மறுபக்கத்தில் இருக்கிறதா? ஒன்று மட்டும் மாறியிருந்தால் அது தனிப்பிழை. மூன்றும் மாறியிருந்தால் கண்ணாடிப் பிம்பத்தைக் கீறியிருக்கிறீர்கள்.

எனக்குச் சித்திரம் வரவே வராது. இந்த முறை எனக்கு ஒத்துவருமா?
– தெஹிவளை

வரும். ஒப்பிடுவது எது எதோடு சேர்கிறது, எது எதற்கு மேலே என்பதைத்தான். நிழல் போட்டு அழகாக்குபவர்கள்தான் இதில் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

ஒரே படத்தை ஒரே நாளில் பலமுறை கீறலாமா?
– பம்பலப்பிட்டி

இரண்டாவது தடவை சரியாக வந்தால் அது சற்றுமுன் பார்த்ததன் மிச்சம், அதை நம்பவேண்டாம். அடுத்தநாள் ஒன்று, நாலைந்து நாள் விட்டு ஒன்று, பிறகு இரண்டு கிழமை கழித்து ஒன்று கீறுங்கள். பழைய தாள்களில் திகதி போட்டு ஒன்றாகக் குத்திவையுங்கள். ஒரே அம்புக்குறி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த மூலையை மட்டும் பெரிதாக்கித் தனித்தாளில் கீறுங்கள்.