பலகை எழுதும் முன் பெயரைத் தேடுங்கள்

கேள்வி: வக்கீல் ஐயா, நானும் என் மைத்துனரும் கூட்டாக நாமக்கல்லில் மசாலாப் பொடியும் செக்கு எண்ணெயும் விற்கும் கடை வைக்கிறோம். என் அம்மா பெயர் பவளம். அதையே 'பவளம்' என்று கடைக்கு வைத்துவிட்டோம். அந்தப் பேரில் ஜி.எஸ்.டி. எண் வந்துவிட்டது, இனி யாரும் கேள்வி கேட்க முடியாது என்கிறார் ஆடிட்டர். போர்டுக்கும் விசிட்டிங் கார்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கவர் ஆர்டர் இந்த வாரம் கொடுக்க வேண்டும். இப்போது சித்தப்பா மகன் சேலத்தில் இதே பேரில் ஒரு கடையைப் பார்த்ததாகச் சொல்கிறான். 'நாமக்கல் பவளம்' என்று மாற்றிவிட்டால் போதுமா?

பதில்: முதலில் கவர் ஆர்டரை நிறுத்தி வையுங்கள். போர்டும் கார்டும் போனால் சில ஆயிரத்தோடு போகும். கவர் அப்படியில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக அச்சு சிலிண்டர் செய்ய வேண்டும், குறைந்தபட்ச அளவு என்று ஒன்று வைத்து அதற்குக் கீழே அச்சடித்துத் தர மாட்டார்கள். பெயர் மாறினால் சிலிண்டரும் வீண், கவரும் வீண்.

ஆடிட்டர் சொன்னது சரியல்ல. ஜி.எஸ்.டி. பதிவில் வணிகப் பெயர் என்ற கட்டத்தில் நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். அதே பேரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது அந்தத் துறையின் வேலை இல்லை. உணவு உரிமம், உத்யம் பதிவு, வங்கி நடப்புக் கணக்கு எல்லாம் அப்படித்தான். கம்பெனியாகப் பதிவு செய்கிறவர்களுக்கு என்றால் ஏற்கனவே உள்ள கம்பெனிப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதுகூட டிரேட்மார்க் எனப்படும் வணிகக் குறி உரிமையைத் தராது. உங்கள் பெயர் யாருடையது என்பதை முடிவு செய்வது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம். அப்புறம், அந்தப் பேரை யார் முதலில் கடைவீதியில் பயன்படுத்தினார் என்ற உண்மை.

இந்த இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 'நாமக்கல்' சேர்த்தால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய கடைக்காரர் 'இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரை நெடுங்காலமாக வைத்திருந்தார். பின்னால் வந்தவர் முன்னே 'திருநெல்வேலி' சேர்த்து 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று விற்றார். அவரிடம் அந்தப் பேருக்கு வணிகக் குறிப் பதிவுச் சான்றிதழே இருந்தது. பதிவு பெற்ற ஒருவர் மேல் பதிவு பெற்ற இன்னொருவர் வழக்குப் போட முடியாது என்று அவர் வாதாடினார். 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவு செய்தவரின் உரிமையைவிட முதலில் பயன்படுத்தியவரின் உரிமை மேலானது என்று தீர்ப்பு சொன்னது. ஊர்ப் பெயரை முன்னே ஒட்டியது அவரைக் காப்பாற்றவில்லை. வாங்க வருகிறவர் மனதில் நிற்பது 'இருட்டுக்கடை' என்ற சொல்தானே. உங்கள் விஷயத்தில் அது 'பவளம்'.

ஆகவே சேலத்துக்கு ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள். அந்தக் கடையில் என்ன விற்கிறார்கள், எந்த ஆண்டிலிருந்து விற்கிறார்கள் என்ற இரண்டும் தெரிய வேண்டும். ஒரு பொருள் வாங்கினால் பில் கிடைக்கும். பாக்கெட் இருந்தால் அதில் பெயர், முகவரி, உரிம எண் எல்லாம் அச்சாகியிருக்கும். ஜவுளிக்கடை என்றால் உங்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. பொடி, எண்ணெய், மளிகை, சிற்றுண்டி என்று உணவுப் பொருள் எதுவானாலும், அவர்கள் உங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தால், அந்தப் பேரைப் பதிவு செய்யாமல் இருந்தால்கூட உங்களைத் தடுக்க அவர்களால் முடியும். நாமக்கல் மொத்த வியாபாரிகளிடமும் "பவளம்னு ஏதாவது சரக்கு வருதா?" என்று கேளுங்கள். இணையத்தில் தேடினால் வராத பிராண்டு அவர்கள் அலமாரியில் இருக்கும். கூகுள் மேப், இன்ஸ்டாகிராம், இந்தியாமார்ட், mca.gov.in தளத்தின் கம்பெனிப் பெயர்த் தேடல் ஆகியவற்றையும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்தது பதிவேடு. ipindia.gov.in தளத்தில் வணிகக் குறிகளுக்கான Public Search பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, கட்டணம் கிடையாது. அங்கே Wordmark என்பதைத் தேர்ந்து, பெயரையும் வகுப்பு எண்ணையும் கொடுக்க வேண்டும். எல்லாப் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாப் பொடி 30ஆம் வகுப்பு, சமையல் எண்ணெய் 29. நீங்கள் விற்பது இந்த இரண்டும்தான் என்றாலும், கடை நடத்தும் சேவைக்கான 35, உணவகத்துக்கான 43 ஆகியவற்றையும் பாருங்கள். பவளம் மெஸ் நடத்துகிறவர் நாளைக்கு சாம்பார் பொடியில் இறங்குவார், வாங்குகிறவரும் இரண்டும் ஒரே ஆள் என்றுதான் நினைப்பார்.

தமிழ்ப் பெயர்களில் தவறு நடப்பது இந்தத் தேடலில்தான். நமக்கு 'ப' ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒருவர் Pavalam என்பார், இன்னொருவர் Bavalam, மற்றொருவர் Pawalam. பவழம் என்று எழுதுகிறவர் Pavazham என்று பதிவு செய்திருப்பார். சட்டம் பார்ப்பது எழுத்தை மட்டும் அல்ல, ஒலியையும் மொத்தத் தோற்றத்தையும் சேர்த்து. இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் சாதாரண மனிதர் குழம்புவாரா என்பதுதான் அளவுகோல். அமிர்ததாரா என்ற மருந்துக்கும் லட்சுமணதாரா என்ற மருந்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960களிலேயே இந்த அளவுகோலைச் சொல்லிவிட்டது. பவளத்துக்கும் பவழத்துக்கும் அவ்வளவு தூரம்கூட இல்லை.

அதனால் முழுப் பெயரைப் போட்டு Match With கொடுத்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று எழுந்துவிடாதீர்கள். Contains என்பதைத் தேர்ந்து, பெயரின் நடுத் துண்டை மட்டும் கொடுங்கள். AVALA என்று கொடுத்தால் Pavalam, Bavalam, Bhavalam, Pavala எல்லாம் ஒரே தடவையில் வரும். பிறகு AVAZHA, AWALA. Phonetic என்று ஒலிவழித் தேடலும் உண்டு, பயன்படுத்துங்கள், ஆனால் தமிழ்ச் சொல்லுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். பொருள் ஒன்றாக இருந்தாலும் ஆட்சேபம் வரலாம் என்பதால் Coral என்றும் ஒருமுறை தேடுங்கள்.

என்னிடம் வந்த ஒரு அப்பளக்காரர் இப்படி ஒரே எழுத்துக்கூட்டில் தேடி, காலி என்று நம்பி, கவர் அடித்துவிட்டார். ஏழெட்டு மாதம் கழித்து வேறு மாவட்டத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. எதிர்த் தரப்பு 'l' இருக்கும் இடத்தில் 'zh' போட்டுப் பதிவு செய்திருந்தது. பதிவு பெற்றவர் தன் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது, இவர்தான் அங்கே அலைய வேண்டும். சமரசம் பேசி முடித்தோம். மீதிக் கவர்களில் பழைய பேரின் மேல் புதுப் பேரை ஸ்டிக்கராக ஒட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினால் பழைய பெயர் தெரிந்தது. எதிர்த் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டை மூட்டையாக வெட்டிப் போட்டார்.

தேடலில் ஏதாவது வந்தால் அதன் நிலையைப் படியுங்கள். Registered என்றால் அந்தப் பேரை அந்த வகுப்பில் விட்டுவிடுங்கள். Objected, Opposed என்றால் இன்னும் முடிவாகவில்லை, ஆனால் அவர் விண்ணப்பித்த தேதி உங்களுக்கு முந்தியது. Abandoned, Refused என்றால் காலி என்று அர்த்தம் இல்லை; விண்ணப்பத்தைத்தான் அவர் இழந்தார், கடையை அல்ல. Removed என்றால் புதுப்பிக்காமல் விட்டது. அதற்குப் பிறகும் பொதுவாக ஓராண்டு வரை அது புதிய விண்ணப்பத்துக்குக் குறுக்கே நிற்கும்.

ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எந்தத் தேதியிலிருந்து பயன்பாடு என்று ஒரு விவரம் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். அதே பக்கத்தில் அந்த விண்ணப்பத்தின் ஆவணங்களைத் திறந்து, பதிவு அலுவலகம் எழுதிய பரிசோதனை அறிக்கையைப் படியுங்கள். அவருக்கு எந்தெந்தப் பெயர்களைக் காட்டி ஆட்சேபித்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். உங்களுக்கும் பெரும்பாலும் அதே பட்டியல்தான் வரும்.

அம்மாவின் பெயர் என்பது காப்பாகாதா என்று கேட்பீர்கள். சட்டத்தின் 35ஆவது பிரிவு, ஒருவர் தன் சொந்தப் பெயரையோ தொழிலில் தனக்கு முந்தியவரின் பெயரையோ நேர்மையாகப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. பவளம் உங்கள் பெயர் இல்லை, அம்மா இந்தத் தொழிலை நடத்தி உங்களிடம் விட்டவரும் இல்லை. அதை நம்பி இறங்காதீர்கள்.

சேலமும் பதிவேடும் இடைஞ்சல் இல்லை என்று தெரிந்தால், போர்டுக்கு முன் விண்ணப்பம் போடுங்கள். நமக்கு வணிகக் குறிப் பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில், ஆனால் இணையம் வழியாகவே போடலாம். படிவம் டி.எம்.-ஏ. உத்யம் சான்று இருந்தால் கூட்டு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான், இல்லையென்றால் 9,000. உங்களுக்கு 29, 30 இரண்டும் வேண்டும். பதிவு கிடைத்தால் அது விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும், அதனால்தான் அவசரம். விண்ணப்பம் வணிகக் குறி இதழில் வெளியான பின் நான்கு மாதம் யாரும் எதிர்க்கலாம் என்பதால் சான்றிதழ் வரக் காலம் ஆகும். அதுவரை பேருக்குப் பக்கத்தில் டி.எம். என்று போடலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது.

பெயர் இடைஞ்சலானால் 'பவளம்' என்பதோடு ஒரு சொல் சேர்த்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். 'மசாலா', 'செக்கு', 'நாமக்கல்' எல்லாம் எல்லோருக்கும் பொதுவான சொற்கள், வேறுபடுத்திக் காட்டாது. பொருளோடு தொடர்பில்லாத வேறு ஒரு பெயரையே எடுங்கள். அம்மாவுக்கு வீட்டில் செல்லப் பெயர் ஏதாவது இருந்தால் அதையும் இதே வழியில் தேடிப் பாருங்கள்.

கடைத் திறப்பைத் தள்ளிப்போட முடியாது என்றால், வெறும் கவர் வாங்கிச் சிறிய அளவில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டி விற்கத் தொடங்குங்கள். முதல் ஸ்டிக்கர் பில்லையும் முதல் விற்பனை பில்லையும் தேதியோடு பத்திரமாக எடுத்து வையுங்கள். நாளை நீங்கள்தான் முதலில் பயன்படுத்தினீர்கள் என்று காட்ட அந்தக் காகிதங்கள்தான் வேண்டும். போர்டுக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வேண்டாம், எழுத்தை மட்டும் பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள், போர்டின் ஃபிரேமையும் விளக்கையும் அவர் இப்போதே செய்யத் தொடங்கலாம்.