மாதக் கணக்கைப் பார்த்துச் சரக்கு வாங்குவது: தீபாவளி இடம் மாறினால் என்ன செய்வது?

சுங்கை சிப்புட் வட்டாரக் கடைக்காரர்கள் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர் ஈப்போவில் மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவர்.

மளிகைக் கடைக்காரர்: அண்ணே, கடைசி மூன்று மாத விற்பனையின் சராசரியை வைத்துத்தான் முறுக்கு மாவு வாங்குகிறேன். அக்டோபரில் பத்தாமல் போகிறது, நவம்பரில் தேங்கி வண்டு வைக்கிறது. கணக்கு எங்கே தப்புகிறது? 2024 கணக்கை அனுப்பியிருக்கிறேன்.

பார்த்தேன் தம்பி. ஒரு கிலோ பாக்கெட்டில் ஜனவரி 70, அப்புறம் 55, 60, 65, 60, 55, ஜூலை 60, ஆகஸ்ட் 75, செப்டம்பர் 90, அக்டோபர் 310, நவம்பர் 40, டிசம்பர் 80. உங்கள் முறைப்படி அக்டோபருக்கு வாங்க ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 75. விற்றதோ 310. அடுத்து நவம்பருக்கு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரைச் சேர்த்தால் 158. விற்றது 40. வண்டு வேறெங்கிருந்தும் வரவில்லை, இந்த 158-லிருந்துதான் வந்தது.

மூன்று மாத சராசரி எப்போதும் பின்னால்தான் வரும். ஏற்றம் வந்து போன பிறகுதான் ஏற்றத்தைக் காட்டும். மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாத உப்பு, சலவைத்தூள், மத்தி டின் போன்ற சாமானுக்கு அது போதும். பண்டிகைச் சாமானை அதனிடம் விட்டால் வாங்க வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிவிட்டு, வாங்கக் கூடாத நேரத்தில் வாங்கச் சொல்லும்.

ஒரு கடையில் கணக்கு எழுதுபவர்: அப்படியென்றால் 12 மாத சராசரி எடுத்தால் தீபாவளி, பொங்கல் எல்லாம் ஒரு சுற்று உள்ளே வந்து அடங்கிவிடுமே. அதையே மாதாமாதம் ஆர்டர் அளவாக வைத்துக்கொண்டால் போதாதா?

முதல் பாதி சரி. 12 மாதத்தில் எல்லாப் பருவமும் ஒரு முறை வந்துவிடுகிறது, அதனால் ஏற்ற இறக்கம் மறைந்து கடையின் அடிப்படை அளவு தெரிகிறது. ஆனால் மறைந்ததைத் திரும்பச் சேர்க்காமல் ஆர்டர் போட முடியாது. மேலே உள்ள 12 எண்ணைக் கூட்டினால் 1020, மாதத்துக்கு 85. இப்படி எந்த மாதமும் விற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எனவே 85-ஐ அளவுகோலாக வைத்து ஒவ்வொரு மாதமும் அதற்கு எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரி, ஜூன் முடிந்து ஜூலை தொடங்கும் இடத்துக்கு உரியது, டிசம்பருக்கு உரியதல்ல. ஜூலைக்கு நேராக வர, ஒரு மாதம் நகர்த்தி பிப்ரவரி முதல் அடுத்த ஜனவரி வரை இன்னொரு சராசரி எடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் 82 விற்றதால் அது 86. இரண்டுக்கும் நடு 85.5. ஜூலையில் விற்ற 60-ஐ அதால் வகுத்தால் 0.70. அதுதான் ஜூலையின் பருவ விகிதம். எக்செலில் B2 ஜனவரி என்றால் ஜூலை வரிசையில் C8, D8 இப்படி:

```
C8: =(AVERAGE(B2:B13)+AVERAGE(B3:B14))/2
D8: =B8/C8
```

இழுத்துவிட்டால் மற்ற மாதங்களும் வரும். முதல் ஆறு மாதத்துக்கும் கடைசி ஆறு மாதத்துக்கும் இழுக்காதீர்கள், இரண்டு பக்கமும் எண் வேண்டுமல்லவா. ஒரே ஆண்டை நம்பாதீர்கள். மற்ற ஆண்டுகளின் ஜூலை 0.68, 0.72 என்று வந்தால் 0.70 என்று வைக்கலாம். ஒன்று 0.7, இன்னொன்று 1.3 என்று வந்தால் அது பருவமே இல்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது.

இதை வைத்து 2026 ஜூலையைக் கணிக்கலாம். 2024-இல் மாத சராசரி 85, 2025-இல் 91. ஆண்டுக்கு 6 ஏறுகிறது. 91 என்பது 2025 நடுவின் அளவு, அதனால் 2026 நடுவுக்கு 97. அதை 0.70-ஆல் பெருக்கினால் 68 பாக்கெட். பலர் 91-ஐயே பெருக்கிவிட்டு, வளரும் சாமான் ஏன் எப்போதும் குறைகிறது என்று கேட்கிறார்கள்.

மளிகைக் கடைக்காரர்: அக்டோபருக்கு இரண்டு வருட விகிதமும் பார்த்தேன் அண்ணே. 2023-இல் 2.3 சொச்சம், 2024-இல் 3.5. நீங்கள் சொன்ன மாதிரி பருவமே இல்லையா?

பருவம் இருக்கிறது, நாள்காட்டிக்குள் அது நகர்கிறது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. இந்த ஆண்டு நவம்பர் 8. முறுக்கு சுடுகிறவர்கள் மாவை வாங்குவது தீபாவளிக்கு முந்தைய மூன்று நான்கு வாரத்தில்தான். அக்டோபர் 20-க்குத் தீபாவளி என்றால் கூட்டம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். நவம்பர் 12 என்றால் பாதி நவம்பருக்கு வழியும்.

உங்கள் மூன்று மாத எண்களைச் சேர்த்துப் பாருங்கள். 2023-இல் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் 75, 185, 150, மொத்தம் 410. 2024-இல் 90, 310, 40, மொத்தம் 440. 2025-இல் 175, 245, 45, மொத்தம் 465. மொத்தம் ஒழுங்காக ஏறுகிறது, பங்குதான் குதிக்கிறது. ஆகவே மொத்தத்தைக் கணியுங்கள், பிறகு பிரியுங்கள். இந்த ஆண்டு 490 என்று வைப்போம். தேதியில் நெருங்கியது 2023, அதிலிருந்து நான்கு நாள் முன்னால். அந்த ஆண்டுப் பங்கு ஏறக்குறைய 18, 45, 37 சதவிகிதம். நான்கு நாளுக்காக நவம்பரிலிருந்து கொஞ்சம் எடுத்து 20, 50, 30 ஆக்கினால் செப்டம்பர் 98, அக்டோபர் 245, நவம்பர் 147. மூன்று நவம்பர்களையும் குருட்டுத்தனமாகச் சராசரி போட்டிருந்தால் 78 வந்திருக்கும், பாதிதான். முதல் வாரத்திலேயே கடை காலி.

இந்த 20, 50, 30 என் கைக்கணக்கு. வேறொருவர் 19, 48, 33 என்பார், சண்டை போட மாட்டேன்.

இனி ஆர்டர். பண்டிகை நேரத்தில் ஈப்போ லாரி வர இரண்டு வாரம் ஆகும் என்றீர்கள். செப்டம்பர் 24-இல் சொன்னால் அக்டோபர் 8-இல் வரும். அடுத்த ஆர்டரை அக்டோபர் 8-இல் கொடுத்தால் 22-இல் வரும். அப்படியானால் முதல் ஆர்டர் 22 வரை தாங்க வேண்டும், 8 வரை அல்ல. செப்டம்பர் கடைசி வாரத்துக்கு 30, அக்டோபர் முதல் மூன்று வாரத்துக்கு 140 (கடைசி வாரம்தான் சூடு), மொத்தம் 170. கடந்த ஆண்டுகளில் கணிப்பு ஐந்தில் ஒரு பங்கு தவறியிருந்தால் பாதுகாப்புக்கு 35. கையில் 45 இருந்தால் வாங்க வேண்டியது 160. கார்ட்டனுக்கு 20 என்றால் எட்டு கார்ட்டன். கடைசி ஆர்டருக்கு மட்டும் பாதுகாப்பைப் பாதியாக்குங்கள். தீபாவளிக்கு மறுநாள் மிஞ்சும் ஒவ்வொரு பாக்கெட்டும் அடுத்த இரண்டு மாத விற்பனையைத் தின்னும்.

பள்ளிச் சீருடை விற்பவர்: அண்ணே, எனக்கு இந்தச் சங்கடமே இல்லை. பள்ளி திறப்பு அரசாங்கம் சொல்லும் தேதி. ஆனால் போன ஜனவரியில் வெள்ளைச் சட்டை பத்தவில்லை, மார்ச்சுக்கு வாங்கியது அப்படியே தொங்குகிறது. விகிதம் மார்ச்சுக்கு 3 என்றுதானே வந்தது?

சங்கடம் உங்களுக்குத்தான் அதிகம் அக்கா. பேராக்கில் பள்ளி ஆண்டு 2023-இல் மார்ச் 20, 2024-இல் மார்ச் 11, 2025-இல் பிப்ரவரி 17, 2026-இல் ஜனவரி 12 என்று தொடங்கியது. தீபாவளி முன்னும் பின்னும் போய் வரும். உங்களுடையது ஒரே பக்கமாக நகர்ந்து பழைய ஜனவரிக்கே திரும்பிவிட்டது. மாதத்தை மறந்துவிட்டு "திறப்புக்கு எட்டு வாரம் முன், ஏழு வாரம் முன்" என்று வாரக் கணக்கில் பழைய ரசீதுகளை அடுக்குங்கள். அந்த வரிசை ஆண்டுக்கு ஆண்டு ஒத்துப்போகும். ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. ஜனவரித் திறப்பு என்றால் டிசம்பர் போனஸ் கையில் இருக்கும்போதே வாங்கிவிடுவார்களா? ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஓர் இளைஞர்: 50 நாள் சராசரி 200 நாள் சராசரியைத் தாண்டினால் வாங்கலாம் என்கிறார்களே, அது இங்கே பொருந்துமா?

அது பங்குச் சந்தைக் கதை தம்பி. பங்கை நாளை விற்கலாம், மாவை விற்க முறுக்கு சுடுகிறவர் வர வேண்டும்.

தோட்டக் கடை நடத்துபவர்: எங்களுக்குத் தீபாவளியைவிட சம்பளம்தான் பருவம். செம்பனைக் காய் அதிகம் வெட்டினால் வியாபாரம், இல்லையென்றால் கடன் நோட்டு. இதை எந்த விகிதத்தில் போடுவது?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். வேலைச் சட்டப்படி சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வந்துவிட வேண்டும், அதனால் செப்டம்பரில் வெட்டிய காய்க்கு அக்டோபரில்தான் கையில் காசு. காய் பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் குறைந்து, ஆண்டின் பிற்பாதியில் ஏறுகிறது. அந்த ஏற்றம் தீபாவளிக் காலத்தோடு ஒட்டி வருவதால், அக்டோபர் விற்பனையில் எது காய், எது பண்டிகை என்று பிரிப்பது கஷ்டம். பண்டிகையோடு சம்பந்தமில்லாத மத்தி டின், சமையல் எண்ணெய்க்கு விகிதம் போட்டுப் பாருங்கள். அவையும் ஏறினால் அந்த அளவு காயால் வந்தது. முழுதாகப் பிரியும் என்று சொல்லமாட்டேன். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிகள் அதிகம் என்றால் நோன்புப் பெருநாளும் உண்டு, அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும்.

கணக்கு எழுதும் பெண்மணி: ஏப்ரலில் நல்லெண்ணெய் 44 போத்தல்தான் விற்றது. ஆனால் எட்டு நாள் சரக்கே இல்லை. 44 என்றே எழுதவா?

எழுதாதீர்கள். 44 என்பது விற்றது, கேட்டது அல்ல. 22 நாளில் 44 என்றால் நாளுக்கு இரண்டு, 30 நாளுக்கு 60. அதைப் போட்டு, பக்கத்தில் "சரக்கு இல்லை" என்று குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் சரக்கு இல்லாத மாதமே அடுத்த ஆண்டும் சரக்கு இல்லாமல் செய்யும். தீபாவளி வாரத்தில் தீர்ந்ததற்கு இப்படி நாள் விகிதம் போட வேண்டாம், அந்த வாரம் மற்ற வாரம் மாதிரி இல்லை. அப்போது திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர்களை ஒரு கோடு போட்டு எண்ணுவதே மேல். 2020, 2021 நடமாட்டக் கட்டுப்பாட்டு மாதங்களையும் சராசரியில் சேர்க்காதீர்கள்.

மளிகைக் கடைக்காரர்: கடைசியாக ஒன்று. கேழ்வரகு முறுக்கு மாவு புதிதாகப் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு தீபாவளியும் பார்க்கவில்லை. என்ன செய்வது?

12 மாதம் இல்லாமல் விகிதம் போட முடியாது. சாதாரண முறுக்கு மாவின் விகிதத்தைக் கடன் வாங்கலாம்.

சீருடை விற்பவர்: அண்ணே, நான் ஒத்துக்கமாட்டேன். கேழ்வரகு வாங்குவது சர்க்கரை நோய்க்காரர்கள், அவர்கள் வருடம் பூராவும் வாங்குவார்கள். தீபாவளிக்கு அவ்வளவு ஏறாது.

அதுவும் நடக்கலாம் அக்கா. மாதம் 20 விற்கிறது என்றால் சாதாரண மாவு மாதிரி ஏறினால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நூறைத் தாண்டும், நீங்கள் சொல்கிற மாதிரி என்றால் 60 சொச்சம். செப்டம்பர் கடைசியில் 40 மட்டும் வாங்கி, அக்டோபர் 10-க்குள் எவ்வளவு போகிறது என்று பார்த்து மீதியைச் சொல்லலாம். லாரிக்கு இரண்டு வாரம் என்பதால் அதற்கு மேல் காத்திருக்க முடியாது. அதற்கு முன் ஈப்போக்காரரிடம் மிச்சத்தைத் திரும்ப எடுப்பாரா என்று கேளுங்கள். எடுப்பார் என்றால் 100, மாட்டார் என்றால் 60.