38,500 ரூபா மதிப்பீட்டில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: பண்டாரவளையில் பாதைக்குக் கீழே எங்கள் வீடு. ஐந்து பேர் இருக்கிறோம். கீழ்க் குளியலறைக்கு நகரக் குழாய் நேராக வருகிறது, திறந்தால் சீறும். அங்கே கீசர் இருக்கிறது. மேல்மாடிக்குச் சிலாப்பில் வைத்த தாங்கியிலிருந்து தண்ணீர் வருகிறது, அங்கே உடனடியாகச் சூடாக்கும் ஹீற்றர் பூட்டியிருக்கிறோம். தண்ணீர் பில் 27 அலகைத் தொடுகிறது. ஒருவர் வந்து பார்த்து, 7 குழாய்களுக்கு ஏரேற்றர் 7,000, ஷவர் தலை 3,500, இரண்டு கொமட்டையும் இரட்டைப் பொத்தான் ஃபிளஷ்ஷாக மாற்ற 22,000, கூலி 6,000, மொத்தம் 38,500 ரூபா என்று எழுதித் தந்தார். கையில் அவ்வளவு இல்லை. சீட்டை எடுத்துச் செய்யலாமா? இந்தக் குளிரில் ஷவர் நூல் மாதிரி வடிந்தால் அம்மா என்னை வீட்டில் வைக்கமாட்டார்.
— ஓர் ஆசிரியை

பதில்: சீட்டை எடுக்கவேண்டாம், டீச்சர். அந்தத் தாளில் இருக்கும் பொருட்களில் ஒன்று இரண்டு மாதத்துக்குள் தன் விலையைத் திருப்பித் தரும். இன்னொன்று 20 ஆண்டு கடந்தாலும் தராது. இரண்டையும் ஒரே கோட்டில் கூட்டி 38,500 என்று எழுதியதுதான் பிழை.

கடைக்குப் போகுமுன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. இரவு எல்லோரும் படுத்த பிறகு, கொமட்டின் சிஸ்டன் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போடுங்கள். ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டுவிட்டு வந்து பாருங்கள். கீழே பீங்கானில் மஞ்சள் தெரிந்தால், சிஸ்டனின் அடிவாய் இறப்பர் தேய்ந்து தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றர் கசிந்தால்கூட நாளைக்கு 288 லீற்றர். மாதத்துக்கு 8 அலகுக்கு மேல். ஐந்து பேருக்கு 27 அலகு என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 180 லீற்றர் வருகிறது. வாளியில் மொண்டு குளிக்கும் பழக்கம் இன்னும் விட்டுப்போகாத நம் வீடுகளுக்கு இது கொஞ்சம் அதிகம். அதனால்தான் எனக்கு முதலில் கசிவு மேல் சந்தேகம். சிலாப்பில் இருக்கும் தாங்கியின் வழிவாயையும் அதே இரவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மிதவை சரியாக மூடாவிட்டால், அது கூரை வழியே ஓடுவதை மழைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

அடுத்தது அளவு. ஒரு வாளியில் 5 லீற்றர் கோடு போட்டுக்கொண்டு, ஷவரை வழக்கம்போலத் திறந்து, கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். 30 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லீற்றர். உங்கள் கீழ்க் குளியலறையில் இந்த அளவுதான் வரும் என்று நினைக்கிறேன். ஒரு நிமிடமாகியும் நிறையவில்லை என்றால் அங்கே குறைப்பதற்கு எதுவும் இல்லை, காசைப் பத்திரப்படுத்துங்கள்.

10 லீற்றர் என்றே வைத்துக்கொள்வோம். 6 லீற்றர் ஷவர் தலை போட்டால், ஆறு நிமிடக் குளியலுக்கு 24 லீற்றர் மிஞ்சும். நாளைக்கு நான்கு பேர் சுடுதண்ணீரில் குளித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 2.9 அலகு. தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறுவது. நீங்கள் குறைக்கும் அலகு மேல்படியிலிருந்துதான் கழியும். அந்தப் படி அலகுக்கு 150 ரூபா என்று கணக்குக்கு எடுத்தால் 430 ரூபா. உங்கள் பில்லில் இருக்கும் உண்மையான விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த 24 லீற்றரும் வெறும் தண்ணீர் இல்லை, கீசர் சூடாக்கிய தண்ணீர். 18 பாகை செல்சியஸில் குழாயில் வருவதை 38 பாகைக்கு ஏற்ற, 24 லீற்றருக்கு அரை அலகுக்குச் சற்றே மேல் மின்சாரம் போகிறது. மாதத்தில் 120 குளியல். ஏறக்குறைய 67 அலகு மின்சாரம். அலகுக்கு 40 ரூபா என்றாலே 2,680 ரூபா. கொழும்பில் இருப்பவர்கள் இந்த ஷவர் தலையைத் தண்ணீர் மிச்சப்படுத்தும் சாமான் என்பார்கள். மலையில் அது மின்சார பில்லைக் குறைக்கும் சாமான். உங்களுக்கு மதிப்பீடு எழுதியவர் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

இனி அம்மாவின் கவலை. குறைந்த தண்ணீர் விடும் ஷவர் தலைகளில் ஒரு வகை, தண்ணீரைப் பனிப்புகைபோல் தூவும். உச்சியிலிருந்து தோளுக்கு வருவதற்குள் அந்தத் துளிகள் ஆறிவிடும். குளிர்கிறது என்று கீசர் பக்கத்தை இன்னும் திறப்போம், சேமிப்பு அங்கேயே கரைந்துவிடும். ஆகவே அந்த வகையைத் தொடாதீர்கள். ஓட்டைகள் குறைவாகவும் சற்றுப் பெரிதாகவும் இருந்து, துளி கனமாக விழும் தலையைக் கேளுங்கள். பழைய தலையை எறியாமல் வைத்திருங்கள், அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் திருப்பிப் பூட்டிவிடலாம்.

மேல்மாடி ஷவர் பக்கம் யாரையும் விடாதீர்கள். உடனடி ஹீற்றரின் சூடாக்கும் சக்தி மாறாது. தண்ணீர் குறைந்தால் அதே சூடு குறைந்த தண்ணீரில் ஏறிக் கொதிக்கும், அல்லது உள்ளே இருக்கும் ஓட்ட விசை போதிய தண்ணீர் இல்லை என்று கரண்டை வெட்டிவிடும். தலையில் சவர்க்காரத்தோடு பச்சைத் தண்ணீரில் நிற்கவேண்டிவரும். வெளிவாயை இறுக்கக்கூடாது என்று அமைத்த ஹீற்றர்களும் உண்டு. அவற்றுக்கு அது ஆபத்து.

ஏரேற்றர் என்பது குழாய் வாயில் திருகும் சிறு சல்லடை. தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுவதால் ஓட்டம் பருத்துத் தெரியும், கைக்கு மென்மையாக இருக்கும், உள்ளே போகும் தண்ணீர் குறைவு. விளிம்பில் பொறித்திருக்கும் லீற்றர் அளவு பெரும்பாலும் 3 பார் அழுத்தத்துக்கானது. அதாவது தலைக்கு மேல் 30 மீற்றர் உயரத் தண்ணீர். உங்கள் தாங்கி மேல்மாடி பேசினுக்கு 2 மீற்றர் மேலேதான் இருக்கும். அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஓட்டம் குறையும் என்பதால், 6 லீற்றர் என்று எழுதிய சல்லடை அங்கே ஒன்றரை லீற்றர்தான் விடும், காற்றும் சரியாகக் கலக்காது. பல் துலக்குவதற்குள் கை விறைத்துவிடும். அங்கே போடவேண்டாம்.

கீழ் பேசினுக்கு ஒன்று போடுங்கள். 9 லீற்றர் ஓடும் இடத்தில் 5 லீற்றர் ஓடினால், ஆளுக்கு மூன்று நிமிடம் திறந்திருந்தாலும் ஐந்து பேருக்கு நாளைக்கு 60 லீற்றர், மாதம் 1.8 அலகு, 270 ரூபா. சமையலறைக்கு 8 லீற்றரில் ஒன்று போதும், குறைவானது வேண்டாம். என் வீட்டுச் சமையலறையில் 4 லீற்றரைப் பூட்டிவிட்டுப் பெருமையாக இருந்தேன். சோற்றுப் பானையை நிறைக்க எடுத்த நேரத்தைப் பார்த்த மாமி, மூன்றாம் நாள் குறடால் கழற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார். நியாயம்தான். பானைக்கு வேண்டிய தண்ணீர் எந்தக் குழாயில் பிடித்தாலும் அதே அளவுதான். வாளி நிறைக்கும் குழாய்கள், துணி துவைக்கும் இடம், தோட்டக் குழாய் ஆகியவற்றுக்கும் அதே காரணம். தாளில் இருக்கும் ஏழில் ஐந்தை வெட்டிவிடுங்கள்.

கொமட்டுக்கு வருவோம். உங்கள் பழைய சிஸ்டன் 9 லீற்றர் என்று எடுக்கிறேன், அளவு உள்ளே எழுதியிருக்கும். இரட்டைப் பொத்தான் வால்வு போட்டு, சிறுநீருக்கு 4.5 லீற்றர் விட்டால், ஐந்து பேர் ஆளுக்கு நான்கு முறை என்று நாளைக்கு 90 லீற்றர், மாதம் 2.7 அலகு, 405 ரூபா. பொருளும் கூலிப் பங்கும் சேர்த்து 13,500 ரூபா என்றால் விலை திரும்ப 33 மாதம் ஆகும். இது கீழ் மலசலகூடத்துக்கு. மேல்மாடியில் நாளைக்கு இரண்டு முறைதான் பயன்படும் என்றால் மாதம் 40 ரூபா. பொருளின் விலையை மட்டும் எடுத்தாலும் 23 ஆண்டு.

கீழ் கொமட்டில் கேசரி மஞ்சள் தெரிந்திருந்தால் கணக்கு மாறும். எப்படியும் வால்வைக் கழற்றவேண்டியிருக்கிறது, அதே கூலியில் இரட்டைப் பொத்தானைப் போட்டுவிடலாம். அப்போதும் பிளம்பரிடம் இரண்டு விடயத்தைச் சொல்லிவிடுங்கள். ஒன்று, முழு ஃபிளஷ்ஷைக் குறைக்கக்கூடாது. 9 லீற்றருக்கென்று வடிவமைத்த பீங்கானில் 6 லீற்றர் விட்டால் ஒருமுறையில் போகாது, இரண்டு முறை அழுத்துவோம், 12 லீற்றர் செலவாகும். இரண்டு, சிஸ்டனைக் கொமட்டிலிருந்து தூக்கும்போது நடுவில் இருக்கும் தடித்த இறப்பர் வளையத்தையும் இரு போல்ட்டுகளையும் புதிதாகப் போடவேண்டும். பழையதையே திரும்ப இறுக்கினால் அங்கிருந்து சொட்டும். உங்களுடையது உள்ளே வளைகுழாய் வைத்த பழைய சைபன் வகையாக இருந்தால் எல்லா வால்வும் பொருந்தாது. வாங்குமுன் உள்ளே படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள்.

மஞ்சள் தெரியாவிட்டால் இப்போதைக்கு மாற்றவேண்டாம். ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி மூடி, மிதவையில் இடிக்காத மூலையில் வையுங்கள். ஒவ்வொரு ஃபிளஷ்ஷிலும் ஒரு லீற்றர் மிச்சம். இரண்டு முறை அழுத்தவேண்டிவந்தால் போத்தலை எடுத்துவிடுங்கள். செங்கல் வைக்காதீர்கள், அது கரைந்து மணல் வால்வுக்குள் போகும்.

இந்த மாதம் ஷவர் தலை ஒன்று, ஏரேற்றர் இரண்டு: 5,500 ரூபா. கையாலேயே திருகலாம், கூலி இல்லை. சம்பளத்திலிருந்து கொடுத்துவிடுங்கள். மாதம் 3,380 ரூபா அளவில் இரு பில்களும் சேர்ந்து குறையவேண்டும். இரண்டாவது மாதத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். அதற்குப் பிறகு குறையும் தொகையை நான்கு மாதம் தனியாக ஒதுக்கினால் கீழ் கொமட்டின் 13,500 கடனில்லாமல் சேர்ந்துவிடும். பள்ளிக்கூட விடுமுறையில் விருந்தினர் வந்தால் அந்த மாத பில்லை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

பெருமழைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் மெலிந்தால் பிளம்பரைக் கூப்பிடவேண்டாம். ஏரேற்றரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், சல்லடையில் மணல் படிந்திருக்கும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, உள்ளே இருக்கும் இறப்பர் வளையம் சாக்கடையில் விழாமல் பிடித்துக்கொண்டு கழுவி, மறுபடி பூட்டுங்கள்.