வார்டுக்கு ஒரு நன்றிக் கடிதம்

கேள்வி: அம்மா வார்டில் இருந்து வீடு திரும்பிவிட்டார். கவனித்துக்கொண்டவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுத ஆசை. பெயர், தேதி எதுவும் சரியாக நினைவில்லை, எல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்:

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. 16 நாள் வார்டில் இருந்தோம். வீட்டுக்கு வந்தபின் கடிதம் எழுத உட்கார்ந்தால், "அனைவரும் அன்போடு கவனித்துக்கொண்டீர்கள்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். கிழித்துப் போட்டுவிட்டு, மனதில் கிடந்ததைக் கிடந்தபடியே ஒரு தாளில் எழுதினேன்: "ராத்திரி, தலையணை, குதிகால்." "ஸ்பூன், ஆ சொல்லச் சொன்னது." "நாற்காலி."

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே என்ன நடந்தது என்று யோசித்தேன். குதிகால் என்று ஏன் எழுதினேன்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் நைட் சிஸ்டர் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்காமல், கெண்டைக்காலுக்கு அடியில் வைப்பார். குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். உணர்ச்சி குறைந்த காலில் அழுத்தம் தெரியாது, நோயாளியும் சொல்லமாட்டார், புண் வந்தபிறகுதான் தெரியும் என்றார். டார்ச் அடித்துப் பார்ப்பதோடு விடமாட்டார். தோல் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். தோலின் நிறத்தை மட்டும் நம்ப முடியாதாம்.

ஸ்பூன் விஷயம் வேறு. அம்மாவுக்கு விழுங்குவதில் சிக்கல். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம் என்பதால் கெட்டியாக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் "ஆ சொல்லுங்கம்மா" என்பார் சிஸ்டர். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் தொண்டையில் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடுவார்.

இந்த இரண்டையும் செய்தது ஒரே சிஸ்டர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தம்பிக்கு அன்றைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடிப் பார்த்தபோது, தலையணை வைத்தவர் இரவில், ஸ்பூன் பிடித்தவர் காலையில் என்று தெரிந்தது. முதல் ஸ்பூன் நான்காம் நாள் என்று நினைத்திருந்தேன், செய்தியில் ஒன்பதாம் நாள் இருந்தது. பல பேரை ஒருவராகச் சேர்த்துவிடுவது நம் மனதின் பழக்கம்போல. எழுதும் முன் இதைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் செய்தது இன்னொருவர் கணக்கில் போய்விடும். பெயர் தெரியாவிட்டால் ஷிஃப்டையும் செய்த காரியத்தையும் எழுதினால் போதும், அவர்களுக்கே புரியும்.

கடைசியில் எழுதியது இது:

"வார்டு சிஸ்டர்கள், உதவியாளர்கள், பிசியோதெரபிஸ்ட், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும்,

ஜன்னலோரப் படுக்கையில் 16 நாள் இருந்தவரின் மகள் நான். இரவுப் பணியில் இருந்த சிஸ்டர், அம்மாவைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் 'இப்போ வலது பக்கம் திருப்புறேம்மா' என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டீர்கள். அம்மாவால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. குதிகாலில் ஒரு புண்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தார். காலைப் பணி சிஸ்டர், ஒன்பதாம் நாள் முதல் ஸ்பூனுக்கு அரை மணி நேரம் பொறுமையாக நின்றீர்கள். இப்போது நானும் 'ஆ' கேட்டுவிட்டுத்தான் அடுத்த வாய் ஊட்டுகிறேன். தரை துடைக்க வந்த அக்கா, நான் வெளியே அழுதுகொண்டு நின்றபோது ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டீர்கள். அதில் உட்கார்ந்த பிறகுதான் அன்று காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது. அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடக்கிறார். நன்றி."

சிகிச்சை பற்றி நமக்குச் சரியாகத் தெரியாததை இதில் சேர்க்காதீர்கள், கண்ணால் பார்த்ததே போதும். பக்கத்துப் படுக்கைக்காரர்களைப் பற்றியும் வேண்டாம், அது அவர்கள் சொந்த விஷயம். எனக்கு முதல் நாள் படுக்கைக்காகக் காத்திருந்தது பற்றி ஒரு மனக்குறை இருந்தது. அதைத் தனியாக நிர்வாகத்துக்கு எழுதினேன். இந்தக் கடிதத்தில் ஒரு வரி கலந்திருந்தாலும் அது வார்டு ஆட்கள் மேல் விழுந்திருக்கும்.

ஒரு பிரதியை நர்சிங் கண்காணிப்பாளருக்கும் கொடுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போகாதீர்கள், அப்போது நோயாளிகளைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒப்படைத்துக்கொண்டிருப்பார்கள். நான் மதியம் போனேன். தரை துடைக்கும் அக்கா அன்று விடுப்பு. அவர் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டும்படி பொறுப்பு சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.